கணினிக்குள் கணினி: முதலில் கண் விழிப்பது எது?

விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் லினக்ஸை ஓட்டிப் பார்ப்பவர்களில் பலருக்கு, அந்த ஜன்னலின் கீழ்ப்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை ஆமை தென்படும். சுட்டியை நகர்த்தினால் சற்றுத் தாமதித்து நகரும். ஒரு மெனுவைத் திறந்தால் கொஞ்சம் யோசித்துத் திறக்கும். கணினி பழசாகிவிட்டது என்றோ ராம் போதவில்லை என்றோ நினைத்துப் பணத்தைச் செலவழிக்கிறவர்கள் உண்டு. உண்மையான காரணம் வேறு. நீங்கள் நிறுவிய விர்ச்சுவல்பாக்ஸுக்கும் கீழே, விண்டோஸுக்கும் கீழே, இன்னொரு ஹைப்பர்வைசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் அந்த ஆமை சொல்கிறது.

ஒரே கணினியின் பிராசஸர், ராம், வட்டு எல்லாவற்றையும் பங்கு போட்டு, பல இயங்குதளங்களை ஒரே நேரத்தில் ஓடவிடும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாகவே எண்ணி வேலை செய்யும். அப்படி அதற்குக் காட்டப்படும் கணினிக்கு மெய்நிகர் கணினி என்று பெயர். இதை இரண்டு வகையாகப் பிரித்தவர் ராபர்ட் கோல்ட்பர்க். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1973இல் அவர் அளித்த ஆய்வேட்டில் வந்த பிரிவு இது. அப்போது மெய்நிகர் கணினி என்பது பெரும்பாலும் ஐ.பி.எம்.மின் பெருங்கணினிகளில் இருந்த வசதி.

முதல் வகையில், மின்சாரம் கொடுத்ததும் முதலில் கண் விழிப்பது ஹைப்பர்வைசர். வன்பொருள் முழுவதும் நேராக அதன் கையில் இருக்கும். மற்ற இயங்குதளங்கள் அதன் மேல்தான் எழுந்து வரும். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ, ஜென், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகியவை இந்த வகை. இரண்டாம் வகையில் முதலில் எழுவது விண்டோஸ், லினக்ஸ், மேக் போன்ற வழக்கமான இயங்குதளம். அதில் பிரவுசரைத் திறப்பதுபோல ஹைப்பர்வைசரைத் திறந்து, அதற்குள் இன்னோர் இயங்குதளத்தைத் தொடங்குகிறோம். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், மேக் கணினிகளில் பேரலல்ஸ் ஆகியவை இப்படிப்பட்டவை. வாடகைக்கு வந்தவர் தன் பங்கில் ஓர் அறையை உள்வாடகைக்கு விடுவது போன்ற ஏற்பாடு இது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் இருவரும்தான் வெளியேற வேண்டும். விண்டோஸ் அப்டேட் நள்ளிரவில் கணினியை ரீஸ்டார்ட் செய்தால், உள்ளே ஓடிக்கொண்டிருந்த லினக்ஸும் அதோடு போகும்.

ஒன்று, இரண்டு என்ற எண்களைத் தர வரிசையாக எடுத்துக்கொண்டு, முதல் வகைதான் வேகம், இரண்டாம் வகை மந்தம் என்று பலர் சொல்வதுண்டு. பிராசஸர் வேலையைப் பொறுத்தவரை இன்று அது பெரிய அளவில் உண்மையில்லை. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் மெய்நிகர் கணினிகளுக்கான வசதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டன. அதனால் உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளில் மிகப் பெரும்பாலானவை இரு வகைகளிலும் நேராகப் பிராசஸரில்தான் ஓடுகின்றன. வித்தியாசம் தெரிவது வட்டில் எழுதும்போது. இரண்டாம் வகையில் மெய்நிகர் கணினியின் 'ஹார்ட் டிஸ்க்' என்பது விண்டோஸில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே லினக்ஸ் ஒரு கோப்பை எழுதினால், அது அந்தப் பெரிய கோப்புக்குள் ஒரு மாற்றமாகி, பிறகு விண்டோஸின் கோப்பு முறை வழியாக வட்டுக்குப் போகும். இடையில் ஆன்டிவைரஸும் எட்டிப் பார்க்கும். அதோடு, எந்த வேலைக்கு எப்போது பிராசஸரைத் தருவது என்று முடிவு செய்வதும் விண்டோஸ்தான். அதற்கு உங்கள் மெய்நிகர் கணினி பத்தோடு பதினொன்றாக ஒரு செயலி, அவ்வளவே.

எனவே எது வேகம் என்று கேட்பதைவிட, அந்தக் கணினியின் முன்னால் யாராவது உட்கார்ந்து வேறு வேலையும் பார்க்கிறார்களா என்று கேட்பதே பயனுள்ளது. பார்க்கிறார்கள் என்றால் இரண்டாம் வகை. யாரும் உட்காராத, மெய்நிகர் கணினிகளைச் சுமப்பதற்கென்றே நிற்கும் இயந்திரம் என்றால் முதல் வகை. இந்த அளவுகோல் பெரும்பாலும் தவறுவதில்லை.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், வீட்டு விண்டோஸ் கணினியிலேயே இந்தக் கோடு அழிந்துபோயிருப்பதுதான். ஹைப்பர்-வி முதல் வகையைச் சேர்ந்தது. விண்டோஸில் அதை இயக்கினால், அடுத்த முறை கணினி எழும்போது முதலில் எழுவது ஹைப்பர்-வி. நீங்கள் பார்க்கும் விண்டோஸே அதன் மேல் ஓடும், கூடுதல் அதிகாரம் பெற்ற ஒரு மெய்நிகர் கணினியாக மாறிவிடும். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. நாமாக எதையும் இயக்காவிட்டாலும் இது நடக்கலாம். புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் Memory integrity என்ற பாதுகாப்பு வசதி வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும். தீய டிரைவர்கள் விண்டோஸின் மையத்துக்குள் நுழையாமல் தடுக்க, அது ஹைப்பர்-வியின் அடித்தளத்தைத்தான் பயன்படுத்துகிறது. லினக்ஸ் கட்டளைகளை விண்டோஸுக்குள் ஓட்டும் WSL 2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவையும் அதே அடித்தளத்தில் நிற்பவை.

பிராசஸரின் மெய்நிகர் வசதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் முழு உரிமையோடு கையாள முடியும். ஹைப்பர்-வி அதைப் பிடித்துக்கொண்டபின் வரும் விர்ச்சுவல்பாக்ஸ், ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் வழியாக அதனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 2018இல் வந்த 6.0 பதிப்புக்கு முன்பு, இந்த நிலையில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட மறுத்துவிடும். இப்போது ஓடுகிறது, ஆனால் ஆமையோடு.

உங்கள் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
systeminfo
```

கடைசி வரிகளில் `A hypervisor has been detected` என்று வந்தால், உங்கள் விண்டோஸ் ஏற்கெனவே முதல் வகை ஹைப்பர்வைசரின் மேல்தான் ஓடுகிறது. (மெய்நிகர் கணினிக்குள் நிறுவிய விண்டோஸில் தட்டினாலும் இதே வரி வரும்.) அப்படி வராமல், மெய்நிகர் வசதி `No` என்று காட்டினால், அது மதர்போர்டு அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இணையத்தில் தேடினால் ஹைப்பர்-வியை அணைக்கும் கட்டளை உடனே கிடைக்கும்:

```
bcdedit /set hypervisorlaunchtype off
```

நிர்வாகி உரிமையோடு இதை ஓட்டி, கணினியை ரீஸ்டார்ட் செய்தால் ஆமை மறையக்கூடும். சில கணினிகளில் Memory integrity வசதியையும் தனியாக அணைக்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கும் வீட்டுக் கணினியில் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு நல்ல பாதுகாப்பை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் கிடைப்பது கொஞ்சம் வேகம் மட்டுமே. WSL 2வும் அதோடு நின்றுபோகும். லினக்ஸ் கட்டளைகளைக் கற்பதுதான் நோக்கம் என்றால் `wsl --install` என்ற ஒரே கட்டளை போதும். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் அது வேலை செய்யும். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வி மேனேஜர் கூடவே வருகிறது. அதிலேயே மெய்நிகர் கணினியை உருவாக்கினால் இடையில் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஹோம் பதிப்பில் முழு லினக்ஸ் மேசைத்திரையே வேண்டும் என்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸையோ, 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் இலவசமாகிவிட்ட விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவையோ நிறுவி, ஆமையைப் பொறுத்துக்கொள்ளலாம். 16 ஜிபி ராம் இருந்தால் 4 ஜிபி ராமும் இரண்டு கோர்களும் கொடுங்கள், வசதியாக ஓடும். 8 ஜிபி மட்டுமே என்றால் விண்டோஸும் பிரவுசரும் எடுத்தது போக 2 ஜிபிதான் தேறும். அதில் மேசைத்திரை உள்ள லினக்ஸ் மூச்சுத் திணறும்.

வகுப்பறைக்கு வருவோம். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள், ஒவ்வொன்றிலும் விண்டோஸ், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி வட்டு என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் பாடத்துக்கு ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு லினக்ஸ் கணினிகள் வேண்டும்: ஒன்று சர்வர், மற்றொன்று அதை அணுகும் கணினி. அதே கணினியில் அடுத்த வகுப்பு மாணவர்கள் விண்டோஸில் எக்செல் படிப்பார்கள். முன்னால் ஆள் உட்கார்ந்து வேறு வேலையும் பார்க்கும் இடம் இது. ஆகவே இரண்டாம் வகைதான் பொருந்தும்.

ராம் கணக்கு இங்கே இறுக்கமானது. விண்டோஸ் எடுப்பது போக நம்பி ஒதுக்கக்கூடியது 3 முதல் 4 ஜிபி. மேசைத்திரை இல்லாத உபுண்டு சர்வருக்கு 1.5 ஜிபி வீதம் இரண்டுக்கும் 3 ஜிபி போதும். மேசைத்திரையோடு கேட்டால் ஒன்றுக்கே அது போதாது. நெட்வொர்க் பாடத்துக்குக் கறுப்புத் திரையே போதுமானது; ஆசிரியர்கள் இதில் உறுதியாக இருந்தால் ஆய்வகத்துக்குப் புது ராம் வாங்கும் செலவு மிச்சம். ஆசிரியர் தன் கணினியில் ஒரு மெய்நிகர் கணினியைத் தயார் செய்து, அதை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, 40 கணினிகளிலும் இறக்கினால் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கலாம். இறக்கியதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட வேண்டும். மாணவர் எதை எப்படிக் கெடுத்தாலும், அரை நிமிடத்தில் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். வகுப்பறைக்கு மெய்நிகர் கணினி கொடுக்கும் மிகப் பெரிய கொடை இதுதான். சர்வரின் முக்கியமான கோப்புகளை அழித்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவர் தன் கையால் அழித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் நாளிலேயே ஆசிரியரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. இரண்டு மெய்நிகர் கணினிகளையும் இயக்கி, `ip a` என்று தட்டினால் இரண்டுமே `10.0.2.15` என்ற ஒரே முகவரியைக் காட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு பிங் அனுப்பினால் பதிலும் வரும். மாணவர்கள் இணைப்பு கிடைத்துவிட்டது என்று மகிழ்வார்கள். உண்மையில் ஒவ்வொரு கணினியும் தனக்குத் தானே பிங் அனுப்பிப் பதில் பெற்றுக்கொள்கிறது! விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான நெட்வொர்க் அமைப்பான NAT, ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் தனித்தனி வேலிக்குள் வைத்து, எல்லாவற்றுக்கும் அதே முகவரியைக் கொடுக்கும். இணையத்துக்குப் போக அது போதும். ஒன்றையொன்று காண முடியாது. அமைப்பில் NAT Network என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் சேரும்.

சேர்ந்த பிறகும் சில சமயம் இரண்டுக்கும் ஒரே முகவரி வரும். இதற்குக் காரணம் வேறு. உபுண்டு சர்வர் தன் அடையாள எண்ணை `/etc/machine-id` என்ற கோப்பில் வைத்திருக்கிறது. முகவரி கேட்கும்போது அந்த எண்ணிலிருந்து வரும் அடையாளத்தைத்தான் காட்டும். ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்த கணினிகளுக்கு அந்த எண்ணும் ஒன்றே என்பதால், முகவரி வழங்கும் சேவை இரண்டையும் ஒரே ஆளாகக் கருதிவிடுகிறது. மூலக் கணினியை ஏற்றுமதி செய்வதற்கு முன் இந்த இரண்டு வரிகளை ஓட்டினால் தொல்லை இல்லை:

```
sudo truncate -s 0 /etc/machine-id
sudo poweroff
```

ஒவ்வொரு நகலும் முதல் முறை எழும்போது தனக்கென்று புது எண் உருவாக்கிக்கொள்ளும்.

ஆய்வகக் கணினிகளில் 4 ஜிபி ராம்தான் இருக்கிறது, அல்லது மாணவர்கள் வீட்டிலிருந்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றால் நிலைமை மாறும். அப்போது ஒரு நல்ல சர்வரை வாங்கி, அதில் முதல் வகையை நிறுவி, மாணவர்களைப் பிரவுசர் வழியாக நுழையவிடலாம். 80 மெய்நிகர் கணினிகளுக்கு 1.5 ஜிபி வீதம் 120 ஜிபி. 128 ஜிபி சர்வர் மயிரிழையில் தாங்கும். 192 ஜிபி இருந்தால் நிம்மதி. வட்டில் 80 முழு நகல்கள் தேவையில்லை. மூலம் ஒன்று, ஒவ்வொருவரும் செய்த மாற்றங்கள் மட்டும் தனித்தனி என்று சேமிக்கும் வசதி பெரும்பாலான ஹைப்பர்வைசர்களில் உண்டு. ஆனால் மணி அடித்ததும் 80 கணினிகளும் ஒரே நிமிடத்தில் எழும். சுழலும் ஹார்ட் டிஸ்க் வைத்த சர்வர் அந்த நேரத்தில் திணறி நிற்கும். எஸ்எஸ்டி இல்லாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது. அதோடு, அந்த ஒரு சர்வர் படுத்தால் அன்றைய வகுப்பு முழுவதும் படுத்துவிடும். தனித்தனிக் கணினிகளில் ஓடும்போது அந்த ஆபத்து இல்லை. இதனால்தான், கணினிகள் தாங்கும் வரை வகுப்பறைக்கு இரண்டாம் வகையையே நான் பரிந்துரைப்பேன்.

தரவு மையத்தில் விவாதத்துக்கே இடமில்லை, அங்கே முதல் வகைதான். அங்கு அதன் பெரிய பலன், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. ஒரு சர்வரின் மின்விசிறியை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். அதில் 32 ஜிபி ராமோடு ஒரு டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு சர்வர்களுக்கும் வட்டு பொதுவானது என்பதால் நகர வேண்டியது ராமில் உள்ளவை மட்டுமே. ஹைப்பர்வைசர் அந்த 32 ஜிபியை நெட்வொர்க் வழியே நகலெடுக்கத் தொடங்கும். 10 ஜிகாபிட் இணைப்பில் இதற்குக் குறைந்தது 26 விநாடிகள் ஆகும். அதற்குள் டேட்டாபேஸ் ராமில் பல இடங்களை மாற்றி எழுதியிருக்கும். மாறியவற்றை மட்டும் மறுபடி அனுப்பும். அதற்குள் மாறியவற்றை மீண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் குறைந்துகொண்டே வரும். மிகச் சிறிய அளவே மிஞ்சும்போது, மெய்நிகர் கணினியை ஒரு நொடிக்கும் குறைவாக நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, புது இடத்தில் எழுப்பிவிடும். பயன்படுத்துபவர்களுக்கு எதுவும் தெரியாது.

இது தோற்கும் விதத்தையும் அறிந்திருக்க வேண்டும். நெட்வொர்க் சுமப்பதைவிட வேகமாக டேட்டாபேஸ் ராமில் எழுதிக்கொண்டிருந்தால் மிச்சம் குறையவே குறையாது. சுற்றுகள் ஓடிக்கொண்டே இருக்கும், முன்னேற்றம் ஓர் இடத்தில் நின்றுவிடும். 1 ஜிகாபிட் இணைப்பில் முதல் சுற்றுக்கே நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்பதால், அங்கே இது அடிக்கடி நேரும். இடமாற்றத்துக்கென்று தனி அதிவேக இணைப்பு ஒதுக்குவது இதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே அடுக்கு தாங்குவதில் ஆபத்தும் அதே அளவுக்கு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைக் குறிவைத்து ஒரு பணயத் தாக்குதல் உலகெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான சர்வர்களில் மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் பூட்டப்பட்டன. உள்ளே இருந்த இயங்குதளங்கள் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தும் பயனில்லை. அந்தத் தாக்குதலோடு தொடர்புபடுத்தப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஹைப்பர்வைசரின் நிர்வாக முகவரி இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது என்பதையும், அதன் திருத்தங்களை உடனுக்குடன் போட வேண்டும் என்பதையும் இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

லினக்ஸில் உள்ள கேவிஎம் எந்த வகை என்று நேர்முகத் தேர்வுகளில் கேட்பதுண்டு. 2007இல் லினக்ஸின் மையத்திலேயே சேர்க்கப்பட்ட இது, லினக்ஸையே ஹைப்பர்வைசராக்குகிறது; ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் லினக்ஸில் ஓடும் ஒரு நிரலாகவே இருக்கும். ஒருவர் தன் உபுண்டு மடிக்கணினியில் மெயில் பார்த்துக்கொண்டே இதை ஓட்டினால் அது இரண்டாம் வகைபோல நடக்கும். சர்வரில் வேறெதுவும் இல்லாமல் ஓட்டினால் முதல் வகையின் பலன்கள் கிடைக்கும். 2006இல் ஜென்னில் தொடங்கிய அமேசானின் கிளவுட் சேவை, 2017இல் அறிமுகமான தன் நைட்ரோ அமைப்பில் கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட ஹைப்பர்வைசருக்கு மாறியது.

வீட்டில் 8 ஜிபி ராமோடு ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடந்தால், முதல் வகையைக் கற்க அதுவே நல்ல இடம். கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவி முடித்ததும் திரையில் ஒரு முகவரியும் லாகின் வரியும் மட்டுமே இருக்கும். அதைக் கண்டு ஏதோ தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம். இன்னொரு கணினியின் பிரவுசரில் 8006 என்று முடியும் அந்த முகவரியைத் திறந்துதான் எல்லாவற்றையும் இயக்க வேண்டும். அதனால் உங்களிடம் இருக்கும் ஒரே கணினியில் இதை நிறுவாதீர்கள். பழைய கணினியில் நிறுவுவதற்கு முன்பும் அதில் உள்ள புகைப்படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் வேறு வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். நிறுவும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் வட்டை அது முழுவதுமாக அழித்துவிடும்.